மங்கலான படத்துக்குக் கீழே என்ன எழுதுவது?

வற்றாப்பளைப் பொங்கலில் அம்மம்மா பானை இறக்கும்போது எடுத்த படம் ஒன்றுதான் இருக்கிறது. ஆடிப்போய் முகமே தெரியவில்லை. கீழே என்ன எழுதலாம்?

"படம் தெளிவில்லை, மன்னிக்கவும்" என்று தொடங்காதீர்கள். பார்ப்பவரின் கண் உடனே குறையைத்தான் தேடும். படத்தில் உறுதியாகத் தெரிகிற ஒன்றை முதலில் பிடியுங்கள், சேலையின் நிறம் போல. முகம் இல்லாத படத்தில் ஆளைக் காட்டித்தருவது அதுதான். அப்புறம் படத்துக்குள் வராததைச் சேருங்கள்: இடம், ஆண்டு, சத்தம், சூடு. உதாரணமாக:

"வற்றாப்பளை கண்ணகி அம்மன் கோயில், வைகாசிப் பொங்கல், 2023. இடப்பக்கம் மஞ்சள் சேலையில் அம்மம்மா, பொங்கி வழிந்த பானையைத் துணி சுற்றி இறக்குகிறார். பறைச் சத்தத்தில் நான் கூப்பிட்டது அவருக்குக் கேட்கவில்லை. பின்னால் வந்தவர்கள் இடித்ததில் படம் ஆடிவிட்டது."

படத்தில் நடப்பது நிகழ்காலத்தில் இருக்கிறது, உங்கள் நினைவு இறந்தகாலத்தில். இரண்டையும் கலந்தால், நினைவில் இருப்பதைப் படத்தில் தேடிப் பார்ப்பவர் ஏமாறுவார். படம் ஏன் ஆடியது என்பதும் அந்த நெரிசலைச் சொல்லிவிடுகிறது. ஆனால் காரணம் உண்மையாக இருந்தால் மட்டும் எழுதுங்கள். "பக்தியில் உருகி நின்றார்" என்றெல்லாம் வேண்டாம், முகம் தெரியாத படத்தில் அதை யாரும் நம்ப மாட்டார்கள். பக்கத்தில் நிற்பவர் யாரென்று அன்று கூட இருந்தவரிடம் கேளுங்கள். அவருக்கும் சந்தேகமென்றால் பெயர் போட வேண்டாம்.