சந்தேகக் கண்ணோடு வாசித்தால் எல்லாமே ஏஐ எழுதியதாகத் தெரியும்

கேள்வி: மட்டக்களப்பில் ஏ.எல். பிள்ளைகளுக்குத் தமிழ் படிப்பிக்கிறேன். ஒரு பிள்ளை ஏஐயில் எழுதியதாகக் கேள்விப்பட்டதிலிருந்து எல்லாக் கட்டுரையும் அப்படித்தான் தெரியுது. என்ன செய்யலாம்?

சந்தேகம் முந்திக்கொண்டால் எதுவும் அதற்குச் சாட்சியாகிவிடும். பிழையே இல்லையா, மெஷின். ல, ள மாறியிருக்கிறதா, வேண்டுமென்றே போட்ட பிழை! பந்திக்குப் பந்தி ‘மேலும்’ என்று தொடங்குவதையே எடுங்கள், டியூஷன் நோட்ஸைப் பாடமாக்கிய பிள்ளைகள் பலர் அப்படித்தான் எழுதுவார்கள். ஒரு பேச்சுக்கு, 40 பேரில் 4 பேர் ஏஐ பாவித்து நாலு பேருமே அப்படி எழுதினார்கள் என்று வையுங்கள். மிச்சம் 36 பேரில் பாதிப்பேருக்கு அதே பழக்கம் இருந்தால் நீங்கள் பிடிக்கும் 22 பேரில் 18 பேர் சும்மா மாட்டிக்கொண்டவர்கள்.

சாட்ஜிபிடி வந்தது 2022 நவம்பரில். அதற்கு முந்தைய கட்டுரைகள் கிடைத்தால் இன்னொரு ஆசிரியரிடம் கொடுத்து, பெயரும் திகதியும் தெரியாமல் இப்போதையவற்றோடு கலந்து தட்டச்சு செய்து தரச் சொல்லுங்கள். சந்தேகமானவற்றைக் குறியுங்கள். பழையவற்றிலும் அதே அளவு குறி விழுந்தால் நீங்கள் நம்பும் அடையாளம் எதற்கும் உதவாது.

அப்புறம், பிள்ளையைக் கூப்பிட்டு விசாரிப்பதென்றால் கவனம், பயத்திலும் தடுமாறுவார்கள். எந்தப் பதில் வந்தால் சந்தேகத்தை விடுவீர்கள் என்று கூப்பிட முன்னமே எழுதி வையுங்கள்.