நல்ல எண் வரும்வரை அளந்தால்…

கேள்வி: டாக்டர் அம்மாவுக்கு வணக்கம். எனக்கு வயது 57. காரைக்குடியில் இருக்கிறேன். ஆறு மாதமாக ரத்த அழுத்தத்துக்கு ஒரு மாத்திரை சாப்பிட்டு வருகிறேன். டாக்டர் முன்னால் போய் உட்கார்ந்தாலே நெஞ்சு படபடக்கிறது. போன மாதம் அங்கே 164/96, நாடி 108. வீட்டில் 128/80, நாடி 76 என்றுதான் இருக்கிறது. மெல்போர்னில் இருக்கும் மகன் வாங்கிக் கொடுத்த மிஷின் அது. தினமும் காலையில் அளவைக் கேட்பான். அவன் கவலைப்படக் கூடாது என்று, நல்ல எண் வரும்வரை மூன்று நான்கு முறை பார்த்து, அதை நோட்டில் எழுதி அனுப்பிவிடுவேன். நேற்றுகூட 148, 142, 136, 128 என்று இறங்கி வந்தது. டாக்டர் இரண்டாவது மாத்திரை ஒன்று எழுதிக் கொடுத்திருக்கிறார். இன்னும் தொடங்கவில்லை. எனக்கு இருப்பது பயத்தால் ஏறும் பிரஷர்தானே? நோட்டைக் காட்டி அந்த மாத்திரை வேண்டாம் என்று சொல்லலாமா?

பதில்: அந்த நோட்டை எந்த டாக்டரிடமும் காட்டாதீர்கள். அதில் இருப்பது உங்கள் ரத்த அழுத்தம் அல்ல. மகனுக்கு அனுப்பத் தகுந்தது என்று நீங்கள் பொறுக்கி எடுத்த எண்கள்.

நேற்றைய கணக்கையே பார்ப்போம். நான்கு முறை அளந்தீர்கள். நான்கையும் கூட்டி வகுத்தால் 138க்கு மேல் வருகிறது. முறைப்படி எடுக்க வேண்டிய முதல் இரண்டை மட்டும் வைத்தால் 145. வீட்டில் எடுக்கும் அளவின் சராசரி 135/85க்குக் கீழே இருக்க வேண்டும். கிளினிக்கில் 140/90 வரை விடுகிறோம். வீட்டில் பயமில்லை என்பதால் எல்லைக்கோடும் கீழே இறங்குகிறது. ஆகவே, மாத்திரை சாப்பிட்டும் நேற்று நீங்கள் எல்லையைத் தாண்டித்தான் இருந்தீர்கள். நோட்டில் மட்டும் 128.

கிளினிக்கில் ஏறுவது பொய் என்று நான் சொல்லவில்லை. ஏறுகிறது. 1983இல் இத்தாலியின் மிலான் நகரில் மான்சியா என்ற மருத்துவரும் அவர் குழுவினரும் இதை நேரடியாகவே பார்த்தார்கள். மருத்துவமனையில் இருந்தவர்களின் ரத்தக் குழாய்க்குள்ளேயே மெல்லிய குழாய் வைத்து அழுத்தத்தை இடைவிடாமல் பதிவு செய்துகொண்டிருந்தபோது, ஒரு டாக்டர் படுக்கை அருகே வந்து கைப்பட்டை கட்டி அளந்தார். அவர் வந்த முதல் நான்கு நிமிடங்களுக்குள் மேல் எண் சராசரியாக 27 ஏறியது. நாடியும் நிமிடத்துக்கு 16 துடிப்பு அளவுக்குக் கூடியது. பத்து நிமிடம் ஆவதற்குள் பெரும்பகுதி இறங்கிவிட்டது. ஏற்கெனவே அழுத்தம் உள்ளவர்களுக்கு மட்டுமல்ல, இல்லாதவர்களுக்கும் இப்படி ஏறியது. 76ஆக இருந்த உங்கள் நாடி அங்கே 108 ஆவதும் இதே கதைதான். ஆபத்து வருகிறது என்று உடம்பு நினைத்து, இதயத்தை வேகமாக அடிக்கச் சொல்லி, ரத்தக் குழாய்களை இறுக்குகிறது. எண்ணோடு நாடியும் சேர்ந்து தாவியிருந்தால் அங்கே பயத்தின் பங்கு இருக்கிறது என்று நான் சந்தேகப்படுவேன்.

ஆனால் பயம் ஏற்றுகிறது என்பதற்காக அடியில் நோய் இல்லை என்று ஆகிவிடாது. இரண்டும் ஒரே ஆளிடம் இருக்கலாம். உங்களுடைய 164இல் இருபது பயத்தால் வந்தது என்றே வைத்துக்கொள்ளுங்கள். மிச்சம் 144 யாருடையது?

இப்போது உங்கள் வீட்டுக்கு வருகிறேன். காலையில் எழுந்து, வாசல் தெளித்து, அடுப்பில் பாலை வைத்துவிட்டு, மகனின் செய்தி வந்துவிடுமே என்ற அவசரத்தில் போய் உட்கார்ந்து பட்டையைக் கட்டுகிறீர்கள் என்று நினைக்கிறேன். முதல் எண் 148 வராமல் என்ன செய்யும்? நான்காவது முறை அளப்பதற்குள் நீங்கள் உட்கார்ந்து பத்து நிமிடம் ஆகியிருக்கும், உடம்பு அடங்கியிருக்கும், 128 வந்திருக்கும். இதில் உங்களுக்குச் சாதகமான ஒரு வாய்ப்பும் இருக்கிறது. ஒழுங்காக ஓய்வெடுத்துவிட்டு அளந்தால் முதல் எண்ணே 130க்குப் பக்கத்தில் வரலாம். வராமலும் போகலாம். எது உண்மை என்று இன்று எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது, உங்கள் டாக்டருக்கும் தெரியாது. தெரிந்துகொள்வதற்காக வாங்கிய மிஷினை நீங்கள் ஆறுதலுக்கு வைத்துக்கொண்டீர்கள்.

கிளினிக்கில் வெள்ளைக் கோட்டு போட்டவர் டாக்டர். வீட்டில் அது உங்கள் மகன். தினமும் கடல் கடந்து ஒரு கேள்வி வருகிறது. அதற்கு நல்ல பதில் சொல்லியாக வேண்டும் என்று மனம் பதறுகிறது. அந்தப் பதற்றத்தோடு எடுக்கும் அளவுக்கு வீட்டு அளவு என்று பெயர் இருந்து என்ன பயன்? பிள்ளையைக் கவலையிலிருந்து காப்பது தாயின் கடமை என்று நீங்கள் நினைக்கிறீர்கள். நான் அப்படி நினைக்கவில்லை. வளர்ந்த பிள்ளைக்குத் தாயின் உடம்பைப் பற்றிய உண்மை தெரிய வேண்டும். அதைச் சுமப்பது அவன் கடமை. இன்று மறைத்துவிட்டு, ஒரு நாள் வாய் கோணி, கை விழுந்த பிறகு விமானம் ஏறி வர வைப்பதுதான் அவனுக்குச் செய்யும் கொடுமை. மகனுக்கும் ஒரு வார்த்தை: தினமும் எண் கேட்காதே, தம்பி. வாரம் முடிந்ததும் சராசரியைக் கேள்.

என்னிடம் வந்த ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியை. கிளினிக்கில் 168/94, நாடி நூறைத் தாண்டியது. மாத்திரை எதுவும் சாப்பிட்டதில்லை. ஏழு நாள் வீட்டில் அளந்து வரச் சொன்னேன். வந்த தாளில் முதல் நாள் காலை 151, 144 என்று இருந்தது. அடித்தல் திருத்தல் இல்லை. முதல் நாள் அளவுகளை எப்போதும் விட்டுவிடுவோம், புது மிஷினோடு பழகும் நாள் அது. மிச்சம் ஆறு நாளும் காலையில் இரண்டு, மாலையில் இரண்டு என்று 24 அளவுகள். அவற்றில் 138ஆகவும் ஒன்று இருந்தது, 121ஆகவும் ஒன்று இருந்தது. சராசரி 129/78. மாத்திரை வேண்டாம் என்று அனுப்பினேன். அத்தோடு விடவில்லை, இப்படி கிளினிக்கில் மட்டும் ஏறுகிறவர்களில் பலருக்குச் சில வருடங்களில் நிஜமான ரத்த அழுத்தம் வந்துவிடுகிறது. அதனால் ஆண்டுதோறும் அதே ஏழு நாள் தாளைக் கேட்டேன். மூன்றாம் ஆண்டு சராசரி 139 வந்தது. அன்றைக்கு மாத்திரை தொடங்கினோம். அவர் ஓர் எண்ணை மறைத்திருந்தால் எனக்கு அந்த ஆண்டு தெரிந்தே இருக்காது.

நீங்களும் அதையே செய்யுங்கள். காலையில் சிறுநீர் கழித்த பின், காப்பிக்கும் மாத்திரைக்கும் முன்னால். மாலையில் இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால். முதுகு சாயும் நாற்காலி, இரண்டு பாதமும் தரையில், கால் மேல் கால் கூடாது. கையை மேஜைமேல் வையுங்கள். பட்டை நெஞ்சு உயரத்தில் இருக்க வேண்டும். கையைத் தொங்கவிட்டால் எண் ஏறும். பட்டை வெறும் கையில், புடவைத் தலைப்பின் மேல் அல்ல. ஐந்து நிமிடம் பேசாமல் உட்காருங்கள். பிறகு ஓர் அளவு, ஒரு நிமிடம் விட்டு இன்னோர் அளவு. அவ்வளவுதான், மூன்றாவது கிடையாது. இரண்டையும் நாடியோடு எழுத வேண்டும். எழுதும் வேலையை உங்கள் வீட்டில் வேறு ஒருவரிடம் கொடுங்கள். உங்கள் கையில் பேனா வேண்டாம். அளக்கும்போது அவரும் பேசக் கூடாது.

பட்டையையும் ஒருமுறை பாருங்கள். மேல் கை பருமனாக இருந்து பட்டை சிறிதாக இருந்தால், எண் உண்மையைவிட அதிகமாகக் காட்டும். எத்தனை சென்டிமீட்டர் சுற்றளவுக்கு அது பொருந்தும் என்று பட்டையிலேயே அச்சடித்திருக்கும். உங்கள் கையைத் தையல் டேப்பால் அளந்து ஒப்பிடுங்கள். மணிக்கட்டில் கட்டும் மிஷின் என்றால் அதை மாற்றிவிடுங்கள். அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது மிஷினையும் எடுத்துப்போய், அவருடையதோடு சேர்த்து ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். நாடி தாறுமாறாக விட்டுவிட்டு அடிக்கிறது என்று முன்பே யாராவது சொல்லியிருந்தால் அதை அவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். அப்படிப்பட்டவர்களுக்கு இந்த மிஷின் தவறான எண் காட்டக்கூடும்.

இன்னொரு விஷயத்துக்காகவும் உங்களைக் கண்டிக்க வேண்டியிருக்கிறது. இரண்டாவது மாத்திரையை நீங்கள் தொடங்கவில்லை என்பது உங்கள் டாக்டருக்குத் தெரியாது. அடுத்த முறை அங்கே மறுபடியும் 164 வரும். இரண்டு மாத்திரை கொடுத்தும் இறங்கவில்லையே என்று அவர் மூன்றாவதை எழுதுவார். பிறகு ஒரு நாள் பயந்துபோய் மூன்றையும் சேர்த்து விழுங்குவீர்கள். மறுநாள் விடியற்காலை குளியலறையில் எழுந்து நிற்கும்போது தலை சுற்றி விழுவீர்கள். இடுப்பு எலும்பு உடைந்து வந்தவர்களில் இப்படி மாத்திரை கூடிப்போனவர்களையும் பார்த்திருக்கிறேன். மாத்திரை குறைவாக இருந்தாலும் ஆபத்து, கூடினாலும் ஆபத்து. எது சரி என்று முடிவு செய்ய அவரிடம் பொய்யில்லாத எண் இருக்க வேண்டும்.

எனவே இன்றே அவருக்குத் தொலைபேசியில் சொல்லுங்கள்: “இரண்டாவது மாத்திரை இன்னும் தொடங்கவில்லை. உங்கள் முன்னால் எனக்குப் படபடக்கிறது. ஏழு நாள் வீட்டில் முறையாக அளந்து தாளோடு வரட்டுமா?” இதைக் கேட்டுக் கோபப்படும் டாக்டர் அபூர்வம். அவர் உடனே தொடங்கச் சொன்னால் தொடங்குங்கள். தாளைப் பார்த்த பிறகும் அவருக்குச் சந்தேகம் இருந்தால், 24 மணி நேரமும் உடம்பிலேயே கட்டி அளக்கும் கருவியை எழுதித் தருவார். அது இரவில் தூங்கும்போதும் அளக்கும். முதல் மாத்திரையை எந்தக் காரணத்துக்காகவும் நீங்களாக நிறுத்தக் கூடாது. ஓய்வெடுத்து மறுபடி அளந்தும் எண் 180/120ஐத் தொட்டால் அன்றே டாக்டரிடம் பேசுங்கள். அதோடு நெஞ்சு வலியோ, மூச்சுத் திணறலோ, பேச்சுக் குழறலோ, ஒரு பக்கம் மரத்துப்போவதோ இருந்தால் நோட்டில் எழுத உட்காராதீர்கள், மருத்துவமனைக்குப் போங்கள்.

இன்று மாலை மகனிடம் பேசும்போது நேற்றைய நான்கு எண்களையும் சொல்லிவிடுங்கள். 148லிருந்து தொடங்குங்கள்.