லேனா, தேனா, ஜானா

அன்புள்ள ஐயா,

வேலை நிமித்தம் போபாலில் இருக்கிறேன். இங்கே இந்தியில் எழுதியதற்கு 'லிகா' என்று யாரும் சும்மா சொல்வதில்லை. 'லிக் லியா', 'லிக் தியா' என்கிறார்கள். சாப்பிட்டதற்கு 'கா லியா', 'கா கயா' என்று இரண்டு இருக்கின்றன. சாப்பிடவில்லை என்பதற்கு நான் 'நஹீன் கா லியா' என்றால் திருத்துகிறார்கள். இதற்கெல்லாம் விதி உண்டா?

அன்புள்ள நண்பருக்கு,

உண்டு. அதில் பாதி உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. தொலைபேசி எண்ணைச் சொல்லும் ஒருவர் 'லிக் லோ' என்றால், 'எழுதிக்கொள்' என்று பொருள். எழுத்தறியாத முதியவர் மனுவை நீட்டி 'லிக் தோ' என்றால், 'எழுதிக்கொடு'. லோ, லியா எல்லாம் 'எடு' என்று பொருள்படும் லேனாவின் வடிவங்கள்; தோ, தியா எல்லாம் 'கொடு' என்று பொருள்படும் தேனாவின் வடிவங்கள். இன்னொரு வினையின் பின்னால் துணைவினையாக வரும்போது, செயலின் பயன் செய்பவரிடமே தங்கினால் லேனா, பிறரிடம் போய்ச் சேர்ந்தால் தேனா. நம் 'கொள்', 'கொடு' செய்யும் வேலைதான்.

'கயா' என்பது 'போ' என்று பொருள்படும் ஜானாவின் இறந்தகால வடிவம். இந்த ஜானா அப்படி எளிதில் பிடிபடாது. 'கானா கா லியா?' என்பது சாப்பாடு ஆயிற்றா என்ற அன்றாட விசாரிப்பு. 'சூஹா ரோட்டி கா கயா' என்றால் எலி ரொட்டியைத் தின்று தீர்த்துவிட்டது. தின்றிருக்கக் கூடாது என்ற மனக்குறையும் அதில் ஒட்டியிருக்கிறது. எலி எங்கும் போகவில்லை. தின்றுவிட்டுப் போனது என்று சொல்ல வேண்டுமானால் 'காகர் கயா' என்பார்கள். அந்த 'கர்' வந்தால் செயல் இரண்டு, வெறும் வேர்ச்சொல் நின்றால் செயல் ஒன்று. அதேபோல, விஷயம் தானாகப் புரிந்தால் 'சமஜ் கயா'. முயன்று புரிந்துகொண்டால் 'சமஜ் லியா'.

தமிழர்கள் அதிகம் தடுக்கி விழுவது இலக்கணத்தில். 'சீதா நே ஆம் கா லியா', 'சீதா ஆம் கா கயீ' இரண்டையும் அருகருகே வையுங்கள். சீதா, மாம்பழம், தின்றது எல்லாம் ஒன்றே. ஆனால் ஜானா செயப்படுபொருள் குன்றிய வினை. அது துணையாக வந்ததும், இறந்தகாலத்தில் எழுவாயோடு ஒட்டும் 'நே' என்ற உருபு விலகிவிடுகிறது, வினை மாம்பழத்தை விட்டுச் சீதாவின் பாலுக்கு மாறுகிறது. 'நே' வர வேண்டுமானால் முதல் வினை, துணைவினை இரண்டுமே செயப்படுபொருள் ஏற்பவையாக இருக்க வேண்டும். அதனால்தான் தேனா இருந்தும் 'வஹ் சல் தியா' (கிளம்பிவிட்டான்) என்பதில் 'நே' இல்லை.

இனி உங்கள் 'நஹீன் கா லியா'. தமிழில் 'எழுதிக்கொள்ளவில்லை' என்று தயக்கமின்றிச் சொல்கிறோம். இந்தியில் இந்தத் துணைவினை செயல் முடிந்ததைக் காட்ட வருவது. நடக்காத செயலுக்கு முடிவு ஏது? ஆகவே மறுப்பில் பெரும்பாலும் அது உதிர்ந்துவிடும்: 'மைன்னே நஹீன் காயா'. 'தின்றுகொண்டிருக்கிறான்' என்பதற்கும் இதே காரணத்தால் 'கா ரஹா ஹை' போதும். நடுவில் லேனா பொதுவாக நுழைவதில்லை.

மறுப்பிலும் துணைவினை தங்கும் இடங்கள் உண்டு. 'ஜப் தக் வஹ் ஆ நஹீன் ஜாதா' என்றால் அவன் வந்து சேரும்வரை. ஓடும் குழந்தையைப் பார்த்துத் தாய் 'கஹீன் கிர் ந ஜாயே' என்று பதறுவாள், எங்கே விழுந்துவிடுமோ என்று. இரண்டிலும் 'ந', 'நஹீன்' இருந்தாலும் மனத்தில் நிற்பது வந்து சேர்வதும் விழுந்துவிடுவதும்தான். அதனால் ஜானாவும் நிற்கிறது.