சுருக்கத்தில் மட்டும் ஏன் இத்தனை நிறம்?

அன்புள்ள ஐயா,

நான் தண்டையார்பேட்டை. நிலத்தடி நீரில் உப்பு ஏறுவது பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். முதல் கட்டுரையை சிமிலாரிட்டி பார்க்கக் கொடுத்தேன். வேறு எழுத்துகளோடு ஒத்துப்போகும் வரிகளுக்கு மென்பொருள் நிறம் பூசிக் காட்டும். மொத்தம் 7 சதவீதம்தான். ஆனால் 240 சொற்கள் உள்ள சுருக்கத்தில் பாதிக்கு மேல் நிறம். கைடு திருப்பிக் கொடுத்துவிட்டார். நான் யாரிடமிருந்தும் எடுக்கவில்லை. என் கட்டுரையிலிருந்தே ஏழு வாக்கியங்களை எடுத்துக் கோத்தேன். என் வாக்கியத்தை நானே எடுத்தால் எப்படித் தப்பாகும்? சொற்களை மாற்றிப் போட்டால் சரியாகிவிடுமா?

க.

அன்புள்ள க.,

மென்பொருள் உங்கள் சுருக்கத்தை உங்கள் கட்டுரையோடு ஒப்பிடுவதில்லை. வெளியே கிடக்கும் எழுத்துகளோடுதான் ஒப்பிடுகிறது. அறிக்கையை மறுபடி திறந்து, சுருக்கத்தில் நிறம் பட்ட வாக்கியங்களை முன்னுரையில் தேடுங்கள். அங்கேயும் அவை நிறத்தோடுதான் இருக்கும். நீங்கள் அனுப்பியதில் முதல் நான்கு வாக்கியங்கள் முன்னுரையிலிருந்து வந்தவை, 110 சொற்கள். 5,000 சொற்கள் கொண்ட கட்டுரையில் அது 2 சதவீதம், யார் கண்ணிலும் படாது. அதே 110 சொற்கள் 240 சொல் சுருக்கத்துக்குள் வந்து உட்கார்ந்தால் 46 சதவீதம்.

அந்த நான்கு வாக்கியங்கள் முன்னுரைக்கு எங்கிருந்து வந்தன? இங்கேதான் விஷயம் இருக்கிறது. நாம் படிக்க நினைக்கிற கட்டுரைகளில் பல, பணம் கட்டினால்தான் திறக்கும். சுருக்கம் மட்டும் எல்லோருக்கும் இலவசம். அதனால் நாம் படிப்பதும் குறிப்பெடுப்பதும் பெரும்பாலும் மற்றவர்களின் சுருக்கத்திலிருந்துதான். ஒருவருடைய சுருக்கத்திலிருந்த வரி உங்கள் நோட்டுக்கு வருகிறது, இரண்டு சொல் மாறி முன்னுரைக்குப் போகிறது, ஆறு மாதம் கழித்து அது உங்கள் வாக்கியமாகவே தோன்றுகிறது. அங்கிருந்து அதை உங்கள் சுருக்கத்துக்குத் தூக்கி வைக்கிறீர்கள். சுருக்கத்தில் பிறந்த வரி மறுபடி ஒரு சுருக்கத்திலேயே வந்து சேர்கிறது. நீங்கள் தெரிந்து செய்யவில்லை என்று முழுமையாக நம்புகிறேன். இப்படித்தான் இது பலருக்கும் நடக்கிறது.

மென்பொருளின் பக்கமும் இதே நிலைதான். ஒரு கட்டுரையின் உடல் பெரும்பாலும் ஓரிரு இடங்களில்தான் இருக்கும். அதன் சுருக்கம் பதிப்பகத் தளத்தில், தேடல் தொகுப்புகளில், மாநாட்டு மலரில், ஆசிரியரின் பக்கத்தில் என்று பல பிரதிகளாகக் கிடக்கும். எந்தப் பக்கம் திரும்பினாலும் முட்டும்.

‘கடலோர நகரங்களில் நிலத்தடி நீர் முக்கியமான நீராதாரமாக விளங்குகிறது’ என்று உங்கள் சுருக்கம் தொடங்குகிறது. மீஞ்சூர்ப் பக்கம் கடல்நீர் உள்ளே வந்ததைப் பற்றி எழுதுகிற எவரும் இப்படித் தொடங்க முடியும். அதில் உங்களுடையது என்று எதுவும் இல்லை.

சொல்லை மாற்றிப் போடுவதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். வேண்டாம். நடுவில் ஒரு சொல் மாறினாலும் முன்னும் பின்னும் உள்ள தொடர் அப்படியே பொருந்தும், நிறம் போகாது. அதைவிட மோசமானது, மாற்றக் கூடாத சொற்களை மாற்றிவிடுவோம். குளோரைடு குளோரைடுதான். சோதனை முறையின் பெயரும் கருவியின் பெயரும் அப்படியே இருக்கட்டும். யுஜிசியின் 2018 விதிமுறைகள் சுருக்கம், கருதுகோள், முடிவுகள் போன்ற பகுதிகளில் ஒற்றுமையே இருக்கக் கூடாது என்கின்றன. ஆனால் பொதுவான, தற்செயலான சொற்கள் தொடர்ந்து 14 வரை வந்தால் கழித்துவிடச் சொல்கின்றன. ஒரு சோதனை முறையின் பெயர் அதற்குள் அடங்கிவிடும். மொத்தம் 7 சதவீதம் இருந்தும் உங்கள் கைடு சுருக்கத்தைத் திருப்பிக் கொடுத்ததற்குக் காரணமும் இந்த விதிதான் என்று நினைக்கிறேன்.

சரி, புதிதாக எழுதுவது எப்படி? போன வாரம் போனில் கேட்டேன், நினைவிருக்கும். “கட்டுரையை மூடி வையுங்க. பம்படியில நிக்கிற உங்க அத்தை, ‘ரெண்டு வருஷமா என்னம்மா பார்த்தே?’ன்னு கேட்டா என்ன சொல்வீங்க?” கொஞ்சம் யோசித்துச் சொன்னீர்கள். “கடலுக்குக் கிட்ட இருக்கிற தண்ணிதான் உப்பா இருக்கும்னு நினைச்சுப் போனேன் சார். ஆனா காசிமேட்டுல ஆழம் கம்மியான அடிபம்புல தண்ணி பரவாயில்ல. கொருக்குப்பேட்டையில ஆழமா போட்ட போர்லதான் உப்பு. தூரம் இல்ல, ஆழம்தான் காரணம்.”

அதுதான் உங்கள் சுருக்கம். நீங்கள் அனுப்பிய 240 சொற்களில் ஆழம் என்ற சொல் ஏழாவது வாக்கியத்தில்தான் வருகிறது, அதுவும் ‘மேற்கண்ட காரணிகளில் ஒன்று’ என்று. மேலே எந்தக் காரணியும் இல்லை, ஏனென்றால் அது விவாதப் பகுதியில் இருந்து பெயர்த்த வாக்கியம். உடலில் உள்ள வாக்கியம் பக்கத்து வாக்கியத்தின் தோளில் சாய்ந்து நிற்கும். பிரித்தெடுத்தால் விழுந்துவிடும்.

நீங்கள் போனில் சொன்னதை வைத்தே எழுதிப் பார்த்தேன். ஆங்கிலத்தில் நீங்கள்தான் எழுத வேண்டும். எண்களை வேண்டுமென்றே மாற்றியிருக்கிறேன்:

‘வடசென்னையில் நீரின் உப்பை முடிவு செய்வது கடலிலிருந்து உள்ள தூரமா, கிணற்றின் ஆழமா என்று பார்த்தோம். காசிமேடு முதல் கொருக்குப்பேட்டை வரை 32 அடிபம்பு, போர்களில் கோடையிலும் வடகிழக்குப் பருவமழைக்குப் பின்னும் நீர் எடுத்து, அதில் கரைந்துள்ள பொருள்களின் மொத்த அளவான டிடிஎஸ்ஸையும் குளோரைடையும் அளந்தோம். 10 மீட்டர் ஆழத்துக்கு உட்பட்ட 14 இடங்களில் 11-இல் கோடையிலும் டிடிஎஸ் லிட்டருக்கு 2,000 மில்லிகிராமைத் தாண்டவில்லை. அதைவிட ஆழமான 18-இல் 15 தாண்டின. ஒரே ஆழமுள்ள கிணறுகளுக்குள் தூரத்தால் தெளிவான வேறுபாடு இல்லை. இரண்டு பருவங்களை மட்டுமே பார்த்ததால், ஆண்டுக்காண்டு மாறுவதை இதிலிருந்து சொல்ல முடியாது.’

பின்னணிக்கு ஒரு வாக்கியம்கூடச் செலவாகவில்லை, கேள்வியே பின்னணியைச் சொல்லிவிடுகிறது. 2,000 என்பது வேறு நீராதாரம் இல்லாத இடங்களுக்கு இந்தியக் குடிநீர்த் தரம் ஐஎஸ் 10500 அனுமதிக்கும் எல்லை. சுருக்கத்தில் இடமிருந்தால் அதையும் ஒரு தொடரில் சேர்க்கலாம். இதில் எந்த வரியையும் வேறொருவர் எழுதியிருக்க வழியில்லை, ஏனென்றால் அந்த 32 கிணறுகளுக்குப் பாட்டிலோடு போனது நீங்கள்.

நினைவிலிருந்து எழுதுவதில் ஓர் ஆபத்து உண்டு. எண் தவறும். 1999-இல் பெரிய மருத்துவ இதழ்கள் சிலவற்றின் சுருக்கங்களைக் கட்டுரைகளோடு ஒப்பிட்டு ஓர் ஆய்வு வந்தது. கட்டுரையோடு ஒத்துப்போகாத, அல்லது கட்டுரையிலேயே இல்லாத தகவல் கொண்ட சுருக்கங்கள் இதழுக்கு இதழ் 18 முதல் 68 சதவீதம் வரை இருந்தன. ஆகவே எழுதி முடித்த பிறகு கட்டுரையைத் திறந்து, சுருக்கத்தின் ஒவ்வோர் எண்ணுக்கும் கீழே பென்சிலால் கோடு போட்டு, அது எந்த அட்டவணையில் இருக்கிறது என்று ஓரத்தில் குறியுங்கள். குறிக்க இடம் கிடைக்காத எண்ணை அடித்துவிடுங்கள். கடைசி நேரத்தில் அட்டவணையைத் திருத்தினால் இதை மறுபடி செய்ய வேண்டும்.

அப்புறம், உங்கள் அறிக்கையில் ஐந்தாவது வாக்கியத்தின் நிறத்தைச் சொடுக்கிப் பார்த்தால் போன வருட மாநாட்டு மலர் திறக்கிறது. அது நீங்களே கொடுத்த சுருக்கம். புதிதாக எழுதினால் அந்த நிறம் போய்விடும். ஆனாலும் இந்த ஆய்வின் ஒரு பகுதியை மாநாட்டில் முன்பே வாசித்திருக்கிறோம் என்று இதழாசிரியருக்கான கடிதத்தில் ஒரு வரி எழுதிவிடுங்கள். கைடிடமும் அனுப்புவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.