அமெரிக்க டிவிடெண்டுக்கு எந்த நாள் டாலர் ரேட்?

கேள்வி: கோத்தகிரில இருக்கேன், பழைய கம்பெனி குடுத்த அமெரிக்க ஷேர்ல ஜூன்ல டிவிடெண்ட் வந்துச்சு. வந்த அன்னைக்கு ரேட்டா, மார்ச் 31 ரேட்டா?

ரெண்டும் இல்லைங்க. 2025-26 நிதியாண்டு வரைக்கும் வருமான வரி விதி 115 தான், அதுப்படி டிவிடெண்ட் வந்த மாசத்துக்கு முந்தின மாசக் கடைசி நாள், அதாவது உங்களுக்கு மே 31, அன்னைக்கு ஸ்டேட் பேங்க்கோட TT பையிங் ரேட், அதாவது வெளிநாட்டுலருந்து வர்ற டாலரை பேங்க் வாங்குற ரேட். கூகுள்ல காட்டுற ரேட் செல்லாது.

ஜூன் 12-ல 100 டாலர் டிவிடெண்ட், அதுல 25 அங்கயே வரியா பிடிச்சு கையில 75 வந்துச்சுன்னு வைங்க, மே 31 ரேட் 85-ன்னா வருமானம் 8,500 ரூபா. நிறைய பேர் இந்த 75-ஐ மட்டும் பெருக்கி போட்டுட்டு, பிடிச்ச வரிக்கு கிரெடிட்டும் கேப்பாங்க, அது தப்பு. அந்த 25-க்கும் வரி பிடிச்ச மாசத்துக்கு முந்தின மாசக் கடைசி ரேட் தான், ஆக 2,125 ரூபா.

மார்ச் 31 ரேட் ஃப்ரீலான்ஸ் மாதிரி தொழில் வருமானத்துக்கு, அதுவும் பணம் அதுக்கு முன்னாடியே முறைப்படி இந்தியாவுக்கு வந்துட்டா இந்தக் கணக்கே வேண்டாம், பேங்க்ல விழுந்த ரூபாயே போதும்.

மாசக் கடைசி லீவுன்னா அதுக்கு முந்தின வேலை நாள் ரேட்டைத்தான் பொதுவா எடுக்குறாங்க. ஸ்டேட் பேங்க் தினமும் போடுற `FOREX CARD RATES` ஷீட்ல `TT BUY` தலைப்புக்குக் கீழ பாருங்க, பக்கத்துலயே `TT SELL` இருக்கும், மாத்தி எடுத்துடாதீங்க. பழைய ஷீட்டைத் தேடிப் பிடிக்கிறது பெரும்பாடு, அப்பப்ப சேவ் பண்ணி வைங்க.