‘கார்டு பாருங்க’ என்றால் பார்த்துவிட்டுத்தான் போவார்கள்

கேள்வி: என் மகள் ஏழாம் வகுப்பு. அவளும் 3 தோழிகளும் பள்ளிக் கண்காட்சியில் கையால் செய்த வாழ்த்து அட்டை விற்கப் போகிறார்கள். 60 அட்டை தயார். போன தடவை இதே மாதிரி கடை போட்டபோது, “கார்டு பாருங்க” என்று கூப்பிட்டதற்குப் பெற்றோர்கள் நின்று, “ரொம்ப அழகா இருக்கே” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். பாதிக்கு மேல் திரும்பி வந்தது. இந்த முறை நானே ஒரு பேச்சு எழுதிக் கொடுத்திருக்கிறேன், இத்துடன் அனுப்புகிறேன். சொல்லச் சொன்னால் மனப்பாடச் செய்யுள் மாதிரி ஒப்பிக்கிறாள். எங்கே தப்பு?
– ஒரு வாசகி

பதில்: நீங்கள் அனுப்பிய பேச்சைக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே வாய்விட்டுப் படித்தேன். நிதானமாகச் சொன்னால் 35 விநாடி வருகிறது. “அனைவருக்கும் வணக்கம், நாங்கள் ஏழாம் வகுப்பு மாணவிகள்” என்பதிலேயே 4 விநாடி போய்விடுகிறது. நடந்து வருகிறவர் சாதாரணமாக விநாடிக்கு ஒரு மீட்டருக்குச் சற்று அதிகமாக நகர்வார். மேசைக்கு மூன்று மீட்டர் முன்னால் உங்கள் மகளின் குரல் காதில் விழுந்தால், மேசையைத் தாண்டிப்போக அவருக்கு மூன்று, நான்கு விநாடி போதும். அதாவது நீங்கள் எழுதியதில் வணக்கம் மட்டும்தான் அவருக்குக் கேட்கும். மீதியை அவர் முதுகிடம் சொல்ல வேண்டியிருக்கும். பிள்ளை ஒப்பிப்பதற்கும் இதுதான் காரணம். எதிரில் ஆள் நிற்கிறாரா, போய்விட்டாரா என்று பார்க்காமல் முடித்தாக வேண்டிய பேச்சை யார் சொன்னாலும் ஒப்பிக்கிற மாதிரிதான் இருக்கும்.

பேச்சைக் கிழித்துப் போடச் சொல்லவில்லை. நான்கு துண்டாக்குங்கள். ஒவ்வொரு துண்டும் பெற்றோர் ஏதாவது செய்த பிறகுதான் வர வேண்டும். அவர் திரும்பிப் பார்த்தால் ஒன்று, நின்றால் ஒன்று, கையில் வாங்கினால் ஒன்று, பிரித்துப் பார்த்தால் ஒன்று. அவர் எதுவும் செய்யவில்லை என்றால் அடுத்த துண்டு கிடையாது.

முதல் துண்டில்தான் போன தடவை சறுக்கியிருக்கிறீர்கள். “பாருங்க” என்று கேட்டார்கள், பார்த்தார்கள். பிள்ளைகள் செய்ததைப் பார்த்தால் பாராட்டுவது பெரியவர்களின் பழக்கம். பாராட்டியதும் தங்கள் வேலை முடிந்தது என்று நகர்ந்துவிடுவார்கள். “வேணுமா?” என்று கேட்டிருந்தால் இன்னும் மோசம், “வேண்டாம்மா” என்பது யோசிக்காமலே வாயில் வந்துவிடும். அட்டையைப் பற்றிக் கேட்கிற எந்தக் கேள்வியும் இந்த இரண்டில் ஒன்றில்தான் முடியும். அதனால் அட்டையைப் பெறப்போகிற ஆளைப் பற்றிக் கேட்கச் சொல்லுங்கள்.

“உங்க வீட்டுல அடுத்து யாருக்குப் பிறந்தநாள்?”

ஐந்தே சொல், மூன்று விநாடிக்குள் அடங்கிவிடும். இதற்கு ஆமாம், இல்லை என்று பதில் சொல்ல முடியாது. கேட்டவர் ஒரு கணம் கணக்குப் போட வேண்டும், கணக்குப் போடும்போது நடை தானாகக் குறையும். “எங்க மாமியாருக்கு, அடுத்த வாரம்” என்று அவர் வாயாலேயே சொல்லிவிட்டால், அதன்பிறகு மேசையில் இருக்கிற அட்டைகளில் ஒன்று அவர் மாமியாருக்கானது.

அதற்கு முன்னால் அட்டைகளை எண்ணிப் பாருங்கள். 60-இல் பிறந்தநாள் அட்டை எத்தனை, நன்றி அட்டை எத்தனை, எதுவும் எழுதாதது எத்தனை? குவியல் எதுவோ, கேள்வியும் அதுவாக இருக்க வேண்டும். என்னைக் கேட்டால், பள்ளிக் கண்காட்சிக்கு எல்லாவற்றையும்விட நல்ல கேள்வி நன்றி அட்டைக்குத்தான் இருக்கிறது: “இந்த வருஷம் எந்த டீச்சருக்கு நன்றி சொல்லணும்னு நினைச்சீங்க?” வருகிறவர் எல்லாரும் ஏதோ ஒரு பிள்ளையின் பெற்றோர். அந்த டீச்சர் அதே வளாகத்தில், இரண்டு கடை தள்ளி நின்றுகொண்டிருப்பார். கூட வருகிற பிள்ளையே “அம்மா, எங்க கணக்கு டீச்சர்!” என்று பதில் சொல்லிவிடும். வாங்கின பத்தாவது நிமிடம் கொடுத்துவிடலாம் என்கிற அட்டையை வேண்டாம் என்று சொல்லக் காரணம் தேட வேண்டியிருக்கும். நன்றி அட்டை குறைவாக இருந்தால், மீதி நாளில் ஒரு பத்துப் பதினைந்து செய்து சேர்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது அவர் நின்றுவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். இங்கேதான் பிள்ளைகள் “இது பாருங்க, இதுவும் இருக்கு, இதோ இது” என்று மேசையையே அள்ளி நீட்டுவார்கள். இருபது அட்டையைப் பார்த்தவருக்கு எதை எடுப்பது என்று தெரியாது, “அப்புறம் வரேன்” என்பார். ஒரே ஒரு கேள்வி இன்னும் கேட்கட்டும், பிறகு இரண்டே அட்டையை எடுக்கட்டும். எப்படிப் போகும் என்று எழுதிக் காட்டுகிறேன்.

“உங்க வீட்டுல அடுத்து யாருக்குப் பிறந்தநாள்?”

“ம்ம்... எங்க அண்ணன் பொண்ணுக்கு வருது.”

“எத்தனை வயசு ஆகுது?”

“ஆறு முடிஞ்சு ஏழு.”

“அப்போ இந்த ரெண்டுல ஒண்ணு. இது யானை, காதை இழுத்தா ஆடும். இது பூ.” (யானையை அவர் கையில் கொடுக்கிறாள்.)

“அட, ஆடுதே!”

“காதுக்குப் பின்னாடி பட்டன் தெச்சிருக்கோம், அதான் ஆடுது. உள்ளே ஒண்ணும் எழுதலை. இந்தாங்க பேனா, பேரை இப்பவே எழுதிடலாம்.”

விலையை இதற்குப் பிறகு, அவர் கேட்பதற்கு முன்னால், உறையோடு சேர்த்து ஒரே மூச்சில் சொல்லிவிட வேண்டும்: “உறையோட இவ்வளவு.” சொன்னதும் வாயை மூடிக்கொள்ள வேண்டும். இதுதான் பிள்ளைகளுக்கு ரொம்பக் கஷ்டம். விலை சொன்ன கூச்சத்தில் “அதிகமா இருந்தா குறைச்சுக்கறோம்” என்று அவர்களாகவே ஆரம்பித்துவிடுவார்கள். மனசுக்குள் ஐந்து வரை எண்ணச் சொல்லுங்கள். அதற்குள் பெரும்பாலும் பையைத் திறக்கிற சத்தம் கேட்கும், அல்லது “இன்னொண்ணு இருக்கா?” என்று வரும்.

மேலே உள்ள உரையாடலில் செய்முறை பற்றி ஒரே ஒரு வாக்கியம்தான் இருக்கிறது, கவனித்தீர்களா? உங்கள் பேச்சில் “வண்ண வண்ண”, “கலைநயமிக்க”, “அன்போடு உருவாக்கிய” என்று வருகிறது. இவை எந்தக் கடையில் வாங்கின அட்டைக்கும் பொருந்தும். “காதுக்குப் பின்னாடி பட்டன்” இந்த அட்டைக்கு மட்டும்தான் பொருந்தும். ஒவ்வொரு வகை அட்டைக்கும் இப்படி ஒன்று இருக்கும். காகிதச் சுருள் பூ என்றால், “மூணு மில்லிமீட்டர் அகலத்துக்குத் துண்டு வெட்டி ஊசியில சுத்தினது” என்று சொல்லலாம். அதைச் செய்த பிள்ளையே சொன்னால் மனப்பாடம் செய்யவே வேண்டியதில்லை, கேட்டால் மூன்று நிமிடம் பேசும். ஒரு வாக்கியத்தோடு நிறுத்துவதற்குத்தான் பழக்க வேண்டும்.

சுருள் பூ என்றதும் ஒரு எச்சரிக்கை. அது பையில் நசுங்கும், தபாலில் போனால் நிச்சயம் நசுங்கும். வாங்குகிறவர் வீட்டுக்குப் போய்த் தெரிந்துகொள்வதைவிடப் பிள்ளையே சொல்லிவிடுவது நல்லது: “இது கையில கொடுக்கிறதுக்கு. தபால்ல அனுப்பணும்னா இந்தத் தட்டையான கார்டு எடுத்துக்கங்க.” இப்படிச் சொன்னால் ஒரு விற்பனை போகும் என்று பயப்பட வேண்டாம். தன் சரக்கின் குறையைத் தானே சொல்கிற பன்னிரண்டு வயதுப் பிள்ளையை நம்பாத பெற்றோரை நான் பார்த்ததில்லை. ஜிகினா ஒட்டிய அட்டைகளை முந்தின நாளே தட்டி உதறிவிடுங்கள். கை நீட்டி வாங்கினவர் விரலில் ஜிகினா ஒட்டிக்கொண்டால் அவர் அட்டையைக் கீழே வைத்துவிட்டுக் கையைத்தான் துடைப்பார்.

அப்புறம், நாலு பேரும் சேர்ந்து பேசக் கூடாது. சில வருடங்களுக்கு முன் என் மகன் வகுப்பில் இப்படி ஒரு கடை போட்டார்கள். நாலைந்து பையன்கள் கோரஸாகக் கூவினார்கள். எனக்கு முன்னால் போன அம்மா நடைபாதையின் அந்தப் பக்கத்துக்கே மாறிப் போனார், நானும் என் பிள்ளை இருக்கிறானே என்றுதான் நின்றேன். ஒரு பையன் மட்டும் கூவாமல் ஓரமாக உட்கார்ந்து அட்டையில் பட்டன் ஒட்டிக்கொண்டிருந்தான். கொஞ்ச நேரத்தில் அவனைச் சுற்றித்தான் கூட்டம். “என்னப்பா ஒட்டறே?” என்று அவர்களாகவே கேட்டார்கள். உங்கள் பிள்ளைகளில் ஒருத்தி பேசட்டும், ஒருத்தி உட்கார்ந்து அட்டை செய்துகொண்டே இருக்கட்டும், ஒருத்தி பேனாவும் உறையும், ஒருத்தி சில்லறை. அரை மணிக்கு ஒரு தடவை இடம் மாறிக்கொள்ளலாம். பேசுகிறவளுக்குத் தொண்டை காய்ந்துவிடும்.

“ஆன்ட்டி”, “அங்கிள்” என்று கூப்பிடுவது அவசியமே இல்லை. கேள்வியே கூப்பிட்டுவிடும். (முப்பது வயது அம்மாக்களில் சிலருக்கு “ஆன்ட்டி” காதில் விழுந்ததும் முகம் மாறுவதை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.) போனில் பேசுகிறவர், அழுகிற குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர், இரண்டு கையிலும் சாமான் வைத்திருப்பவர் ஆகியோரிடம் பேசவே வேண்டாம். ஒரு சிரிப்புப் போதும், திரும்பி வரும்போது கேட்கலாம்.

“ரொம்ப அழகா இருக்கே” என்பது இந்தத் தடவையும் வரும். போன தடவை பிள்ளைகள் என்ன செய்திருப்பார்கள் என்று ஊகிக்க முடிகிறது: “தேங்க்ஸ் ஆன்ட்டி.” அங்கே கதவு மூடிவிட்டது. நன்றி சொல்லட்டும், கூடவே “யாருக்குக் கொடுத்தா ரொம்பச் சந்தோஷப்படுவாங்க?” என்றும் கேட்கட்டும். பாதிப்பேர் அப்போதும் போய்விடுவார்கள், விட்டுவிடலாம். “வாழ்த்தெல்லாம் போன்லயே அனுப்பிடறோமே” என்று ஒருவர் சொன்னால் வாதம் வேண்டாம். “போன் இல்லாத தாத்தா பாட்டி யாராவது இருக்காங்களா?” என்று கேட்டுப் பார்க்கலாம். இல்லை என்றால் சிரித்துக்கொண்டே அனுப்பிவிட வேண்டியதுதான்.

பயிற்சிக்குக் கண்ணாடி முன்னால் நிறுத்தாதீர்கள். ஒரு மேசையைப் போட்டு, நீங்களும் வீட்டில் இருக்கிற இன்னும் இரண்டு பேரும் அதைக் கடந்து நடங்கள். ஒருவர் மெதுவாக, ஒருவர் போனைப் பார்த்துக்கொண்டே, ஒருவர் நிற்காமலே. நிற்காதவரிடம் அவள் இரண்டாவது வாக்கியத்தைச் சொன்னால் மறுபடி முதலிலிருந்து. பத்துத் தடவை நடந்தால் போதும், ஒப்பிக்கிற ராகம் தானாகப் போய்விடும், ஏனென்றால் ஒவ்வொரு தடவையும் பதில் வேறு மாதிரி வரும்.

நடக்கும்போது அவள் அட்டையை எப்படிப் பிடித்திருக்கிறாள் என்றும் பாருங்கள். பிள்ளைகள் பெரும்பாலும் தங்களுக்கு நேராகத் தெரிகிற மாதிரி பிடித்துக்கொண்டு நீட்டுவார்கள். எதிரில் இருப்பவருக்கு யானை தலைகீழாக நிற்கும்.