பந்தியில் ஒரு ஜோக்

அன்புள்ள ஐயா,

சென்ற வாரம் உறவினர் வீட்டுக் கிரகப்பிரவேசம். பந்தியில் என் கணவரின் பெரியப்பா, “ஊசி போட்டுக்கிறதுக்கு முன்னாடி கோட்டா டாக்டரா, மார்க் டாக்டரான்னு கேட்டுக்கோங்கப்பா” என்றார். வரிசையே சிரித்தது. நான்கு இலை தள்ளி நாத்தனாரின் தோழி இருந்தார், அவர் டாக்டர். எல்லோரும் அவரைத்தான் பார்த்தோம். பாவம், குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வயதில் பெரியவரை மனம் நோகாமல் எப்படித் தடுப்பது? இதற்குச் சட்டம் ஏதும் உண்டா?

எம்., கோவை

அன்புள்ள எம்.,

சட்டத்தை விடுங்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989 இருக்கிறது, அது வேறு பேச்சு, பாயசம் வரும் நேரத்தில் எடுக்கிற பேச்சு இல்லை. எனக்கு உறுத்துவது நீங்கள் போகிற போக்கில் எழுதிவிட்ட ஒரு வரி. ‘எல்லோரும் அவரைத்தான் பார்த்தோம்.’ ஏன் பார்த்தீர்கள்? ஜோக்கைச் சொன்னவர் ஒருவர், அது யாருக்கு என்று விலாசம் எழுதியது நீங்கள் எல்லோரும். அதற்கு மேல் ஒரு ‘பாவம்’ வேறு.

கோபமாக எழுதுகிறேன் என்றால், இதையே நான் இன்னும் மோசமாகச் செய்திருக்கிறேன். வேலையில் சேர்ந்த புதிதில், மதியச் சாப்பாட்டு மேசையில் ஒருவர் கிட்டத்தட்ட இதே ஜோக்கைச் சொன்னார். எனக்கு ரத்தம் சூடாகிவிட்டது. எழுந்து நின்று, “சார் இங்க உட்கார்ந்திருக்கும்போதே இப்படிப் பேசறீங்களே” என்றேன். சார் என்று நான் கை காட்டிய நண்பர் டப்பாவை மூடி வைத்துவிட்டுப் போய்விட்டார். சாயங்காலம் சைக்கிள் ஸ்டாண்டில் பிடித்துக்கொண்டார். “அங்க பாதிப் பேருக்கு நான் யாருன்னு தெரியாது. நீதான் சொல்லிக் கொடுத்த. நான் இல்லாத மேசையில அந்த ஜோக் பரவாயில்லையா உனக்கு?” நான் பதில் சொல்லவில்லை, சொல்ல ஒன்றும் இல்லை. அதன்பிறகு ஒரு வருஷம் அவர் எங்களோடு சாப்பிட வரவில்லை. ஜோக் சொன்னவர் தினமும் வந்தார்.

ஆகவே அந்தப் பெண்ணுக்காகப் பேசாதீர்கள். உங்களுக்காகப் பேசுங்கள். அவர் எந்தச் சாதி என்பதே உங்களுக்குத் தெரியாமல்கூட இருக்கலாம், அதைத் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமும் இல்லை. சிரிப்பு அடங்குவதற்குள், பெரியவரை மட்டும் பார்த்து, சாதாரணக் குரலில், “பெரிய மாமா, இதுக்கு மட்டும் எனக்குச் சிரிப்பு வரல” என்று சொல்லி, அதே மூச்சில் “உங்க இலைக்கு ரசம் வந்துதா?” என்று கேட்டுவிடுங்கள். ரசம் முக்கியம். அவருக்கு இறங்கிப் போக ஒரு படி வேண்டும், இல்லாவிட்டால் ஊரார் முன்னால் தன் ஜோக்கைக் காப்பாற்றவே நின்றுவிடுவார். ‘இதுல சிரிக்க என்ன இருக்கு, கொஞ்சம் விளக்குங்களேன்’ என்று மடக்குவது சம வயதுக்காரர்களிடம் நன்றாக வேலை செய்யும். எழுபது வயதுக்காரரிடம் செய்தால் குடும்பச் சண்டைதான் மிஞ்சும். அவர் முறைத்தால் முறைத்துவிட்டுப் போகட்டும், நீங்கள் சாப்பிடுங்கள்.

விவாதத்தைப் பந்தியில் வைக்கவே கூடாது. உங்கள் பக்கம்தான் நியாயம், ஆனால் நீங்கள் நியாயத்தை அடுக்க அடுக்க, தான் டாக்டராகத் தகுதியானவளா என்று இருபது பேர் பேசுவதைக் கேட்டுக்கொண்டே அந்தப் பெண் மோர்ச்சாதம் சாப்பிட வேண்டிவரும். மறுநாள் பெரியவர் தனியாக ஈஸிசேரில் இருக்கும்போது போங்கள். எம்.பி.பி.எஸ். படிப்பில் இட ஒதுக்கீடு சேர்க்கையோடு சரி மாமா, உள்ளே போனபிறகு பரீட்சையும் தேர்ச்சி மார்க்கும் எல்லோருக்கும் ஒன்றுதான், அதில் தேறாதவர் கையில் ஊசியே வராது என்று சொல்லுங்கள். அப்புறம், தமிழ்நாட்டின் 69 சதவீதத்தில் பட்டியல் சாதியினருக்கு 18, பழங்குடியினருக்கு 1, மீதி 50-ம் பிற்படுத்தப்பட்டோருக்கும் மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கும். அவர் வீட்டுப் பிள்ளைகளின் சாதிச் சான்றிதழ் எந்தப் பீரோவில் இருக்கிறது என்று மெதுவாகக் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் பத்திரமாக லாமினேட் செய்து வைத்திருப்பார்.

அதனால் அவர் மாறிவிடுவார் என்று நான் எழுதித்தர மாட்டேன். உங்கள் முன்னால் சொல்வதை நிறுத்தலாம், அவ்வளவுதான்.

அந்தத் தோழிக்குப் போன் செய்து ஆறுதல் சொல்லலாமா என்று ஒரு யோசனை உங்களுக்கு வந்திருக்கும். தயவுசெய்து வேண்டாம். அவராக எடுத்தால் கேளுங்கள்.

எனக்கு இன்றைக்கும் அந்தப் பழக்கம் முழுதாகப் போகவில்லை. யாராவது இப்படி ஒன்றைச் சொன்னதும் கண் தானாக ஒரு பக்கம் நகரப் பார்க்கிறது. இலையில் கூட்டு எங்கே என்று தேடிக்கொள்கிறேன்.